டிரெயினுக்கும் சோர்ஸுக்கும் இடையே முக்கால் வோல்ட்

எங்கள் டிசைன் ஹெட்டுக்குக் கூட்டல் வரும், பெருக்கல் வரும். வர்க்கம் மட்டும் வராது. இதை நான் கோபத்தில் சொல்லவில்லை. அவருக்குக் கீழே நான்கு வருடம் வேலை பார்த்து, நிதானமாக வந்து சேர்ந்த முடிவு இது.

தினமும் காலை ஒன்பதரைக்கு மாநில எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளியைத் தாண்டி அவருடைய கார் வரும். இறங்கும்போதே காதில் ஃபோன் இருக்கும், "ஆயித்து சார், ஆயித்து" என்று கன்னடத்தில் யாருக்கோ எதையோ முடித்துக்கொடுத்துக் கொண்டிருப்பார். எங்கள் கம்பெனி மூக்கண்டப்பள்ளிப் பக்கம் ஒரு தகரக் கூரை ஷெட். முப்பது பேர். அதில் இருபது பேர் போர்டில் பாகங்களைப் பொருத்திச் சால்டர் வைக்கும் பெண்கள். டெஸ்டிங் பெஞ்சில் நான். உத்தனப்பள்ளியில் தக்காளி போடுகிற வீட்டிலிருந்து வந்து, கிருஷ்ணகிரியில் டிப்ளமோ முடித்தவள். "டிப்ளமோ" என்ற சொல்லை அவர் ஒரு வியாதியின் பெயரைப் போலத்தான் உச்சரிப்பார்.

நாங்கள் செய்ததில் முக்கியமானது உள்ளங்கை அகல போர்டு ஒன்று. டிரில்லிங் மிஷினில் ஸ்பிண்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பீஸோ வில்லையை ஒட்டியிருப்பார்கள். டிரில் பிட் உடைந்தால் மிஷினின் உடம்பில் ஒரு சின்ன அதிர்வு ஓடும். வில்லை அதை மில்லிவோல்ட் கணக்கில் மின்சாரமாக்கும். எங்கள் போர்டு அதைப் பெருக்கி அனுப்பினால் மிஷின் நிற்கும். பீஸோ வில்லையால் கரண்ட் கொடுக்க முடியாது. அதனால் முதல் கட்டத்தில் ஒரு மாஸ்ஃபெட் வைத்திருந்தோம். கேட், டிரெயின், சோர்ஸ் என்று மூன்று கால் உள்ள ஒரு வகை டிரான்சிஸ்டர்; டிரெயினிலிருந்து சோர்ஸுக்கு எவ்வளவு கரண்ட் ஓடும் என்பதைக் கேட்டின் வோல்ட் தீர்மானிக்கும். அதன் கேட் கரண்டே கேட்காது.

எங்களுக்கு முன்பு அங்கே இருந்த ஒருவர் வரைந்த சர்க்யூட் அது. பன்னிரண்டு வோல்ட் சப்ளை. மேலே இரண்டு மெகா ஓம், கீழே ஒரு மெகா ஓம் என்று இரண்டு ரெசிஸ்டர்கள் சப்ளையைப் பங்கிட்டு கேட்டுக்கு நான்கு வோல்ட் கொடுக்கும். சோர்ஸுக்குக் கீழே ஒரு கிலோ ஓம், அதற்கு இணையாக ஒரு கெபாசிட்டர். டிரெயினுக்கு மேலே 2.2 கிலோ ஓம். போர்டு ஒன்பது மடங்குக்குச் சற்றுக் குறைவாகப் பெருக்கும். அந்த மடங்குக்குக் கெயின் என்று பெயர். வருடக்கணக்கில் ஒரு புகார் இல்லாமல் ஓடியது.

ஒரு கஸ்டமர், அலுமினியப் பாகங்களில் எண்ணெய்த் துளை போடுகிற தொழிற்சாலை, மூன்று மில்லிமீட்டர் டிரில்லுக்கு மாறினார்கள். சின்ன டிரில் உடைந்தால் சத்தமும் சின்னது. இன்னும் பெருக்க முடியுமா என்று கேட்டார்கள். டிசைன் ஹெட் முதலாளியை அழைத்து வெள்ளைப் பலகை முன்னால் உட்கார வைத்தார்.

"கெயின்னா என்ன சார்? டிரெயின் ரெசிஸ்டர்தான். 2.2-ஐ 4.7 ஆக்கினா கெயின் டபுள். அவ்ளோதான். ஒரே ரெசிஸ்டர்."

டிராயரில் கிடந்த பழைய மாஸ்ஃபெட் ஒன்றைப் போட்டு ஒரு மாதிரி போர்டு செய்து, ஸ்கோப்பில் காட்டினார். உண்மையாகவே பதினேழு மடங்கு வந்தது. முதலாளி கைதட்டினார். எங்கள் முதலாளி நல்ல மனிதர். லேத் பட்டறையிலிருந்து மேலே வந்தவர், எலக்ட்ரானிக்ஸில் யார் உரக்கப் பேசுகிறார்களோ அவர்களை நம்புகிறவர்.

நாடாவில் சுற்றிய புது ரீல் மாஸ்ஃபெட் வந்தது, அதே நம்பர். புது போர்டுகள் என் பெஞ்சுக்கு வந்தன. போர்டை ஜிக் என்கிற டெஸ்ட் சட்டத்தில் மாட்டி, பத்து மில்லிவோல்ட் உள்ளே விட்டு, வெளியே என்ன வருகிறது என்று பார்ப்பது என் வேலை. முதல் போர்டு இரண்டரை மடங்குகூடத் தரவில்லை. இரண்டாவதும் அப்படியே. ஒரு ட்ரே முழுக்க அப்படியே. சென்சிட்டிவிட்டியைக் கூட்டுவதற்காகச் செய்த போர்டு, பழைய போர்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

நான் உடனே அவரிடம் ஓடவில்லை. ஓடினால் என்ன சொல்வார் என்று தெரியும். முதலில் புது ரீலிலிருந்து ஒரு மாஸ்ஃபெட்டை எடுத்து, கேட்டையும் டிரெயினையும் சேர்த்துக் கட்டி, அரை மில்லி ஆம்பியர் விட்டுப் பார்த்தேன். கேட்டுக்கும் சோர்ஸுக்கும் இடையே ஒன்றரை வோல்ட். இரண்டு மில்லி ஆம்பியர் விட்டேன். இரண்டு வோல்ட்.

இது போதும். மாஸ்ஃபெட் ஒரு குறிப்பிட்ட வோல்ட் வரும்வரை திறக்காது. அதற்கு த்ரெஷோல்ட் என்று பெயர். அதைத் தாண்டி மிச்சம் எவ்வளவு இருக்கிறதோ, அந்த மிச்சத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கரண்ட் ஓடும். கரண்ட் நான்கு மடங்கானால் மிச்சம் இரண்டு மடங்கு. இங்கே கரண்ட் நான்கு மடங்காக, வோல்ட் அரை கூடியது. அப்படியானால் முதலில் மிச்சம் அரை வோல்ட், பிறகு ஒரு வோல்ட். த்ரெஷோல்ட் ஒரு வோல்ட். மிச்சம் ஒரு வோல்ட் இருந்தால் கரண்ட் இரண்டு மில்லி ஆம்பியர். பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம் படித்தது. டிராயரில் கிடந்த பழைய பாக்கெட்டையும் அதேபோல் அளந்தேன். அவற்றின் த்ரெஷோல்ட் 1.4. மாஸ்ஃபெட் தயாரிக்கும் கம்பெனி கொடுக்கும் டேட்டா ஷீட்டில் இரண்டுமே அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள்தான்.

டெஸ்ட் ரிப்போர்ட் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். கேட் நான்கு வோல்ட். த்ரெஷோல்ட் ஒன்று போனால் மூன்று. அந்த மூன்றை மிச்சமும் சோர்ஸ் ரெசிஸ்டரில் விழும் வோல்ட்டும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். மிச்சத்தின் வர்க்கத்தில் இரண்டு மடங்கு, அதோடு மிச்சம், மொத்தம் மூன்று. இருபடிச் சமன்பாடு. விடை ஒன்று, அல்லது மைனஸ் ஒன்றரை. மிச்சம் மைனஸில் இருந்தால் மாஸ்ஃபெட் திறக்கவே திறக்காது என்பதால் அந்த விடையை அடித்துவிட்டேன். ஆக மிச்சம் ஒரு வோல்ட், கரண்ட் இரண்டு மில்லி ஆம்பியர், சோர்ஸ் இரண்டு வோல்ட்டில் நிற்கும்.

இதுவரை யாரும் போடுவார்கள். இதற்குப் பிறகு ஒரு வரி இருக்கிறது, அதைத்தான் எங்கள் டிசைன் ஹெட் வாழ்க்கையில் எழுதியதில்லை. இந்த வர்க்கக் கணக்கு செல்லுபடியாக வேண்டுமானால் டிரெயினுக்கும் சோர்ஸுக்கும் இடையே அந்த மிச்சத்துக்குக் குறையாமல் வோல்ட் இருக்க வேண்டும். அதுதான் சாச்சுரேஷன். பழைய 2.2-இல் இரண்டு மில்லி ஆம்பியர் ஓடினால் 4.4 வோல்ட் விழும். பன்னிரண்டில் 4.4 போக டிரெயின் 7.6-இல் நிற்கும். சோர்ஸுக்கும் அதற்கும் இடைவெளி 5.6. தாராளம். புது 4.7-இல் 9.4 வோல்ட் விழும். டிரெயின் 2.6. இடைவெளி 0.6. வேண்டியது ஒன்று. அதாவது போட்ட கணக்கே தன்னைப் பொய் என்று சொல்லிக்கொள்கிறது. மாஸ்ஃபெட் சாச்சுரேஷனில் இல்லை, வெறும் ரெசிஸ்டரைப் போலப் படுத்துவிட்டது. போர்டில் அளந்தால் சோர்ஸ் 1.97, டிரெயின் 2.73. முக்கால் வோல்ட் இடைவெளி.

அவருடைய மாதிரி போர்டு ஏன் ஓடியது என்பதும் அதே தாளில் வந்தது. த்ரெஷோல்ட் 1.4 என்றால் கரண்ட் 1.7-க்குக் கொஞ்சம் குறைவு. டிரெயின் நான்கு வோல்ட்டுக்கு மேல் நின்றது. இடைவெளி இரண்டரை வோல்ட் அளவுக்கு இருந்தது. அவர் தப்பித்தது டிராயரில் கிடந்த பாக்கெட்டால்.

தாளை எடுத்துக்கொண்டு அவர் மேஜைக்குப் போனேன். அவர் தாளைப் பார்க்கவில்லை.

"சோர்ஸ்ல எவ்ளோ வருது?"

"1.97 சார்."

"கால்குலேஷன்ல?"

"ரெண்டு சார். ஆனா..."

"கரண்ட் கரெக்டா வருதில்ல? பயஸ் பாயிண்ட் கரெக்ட். அப்புறம் என்ன ஆனா?"

"கரண்ட் கிட்டத்தட்ட அதேதான் வரும் சார், சோர்ஸ் ரெசிஸ்டர் புடிச்சு வெச்சிருக்குது. ஆனா டிரெயின் கீழ உழுந்துட்டுது. சாச்சுரேஷன்ல இல்லீங்க. ஒருக்கா டிரெயின அளந்து பாருங்க."

அவர் சிரித்தார். பக்கத்து மேஜைகளுக்கும் கேட்கும்படியாக. "சாச்சுரேஷன்! டிரான்சிஸ்டர்ல சாச்சுரேஷன்னா ஃபுல் ஆன், ஸ்விட்ச் மாதிரி. அது ஆம்ப்ளிஃபயர்ல வரவே கூடாது. சாச்சுரேஷன்ல இல்லன்னா சந்தோஷப்படு. டிப்ளமோல இதெல்லாம் சொல்லிக் குடுக்க மாட்டாங்களா?"

பைபோலர் என்ற பழைய வகை டிரான்சிஸ்டரில் அந்தச் சொல்லுக்கு ஒரு அர்த்தம், மாஸ்ஃபெட்டில் வேறு அர்த்தம். ஒரே பெயர், நேர்மாறான இடம். படிக்கிற பிள்ளைகள் குழம்புவார்கள், யாராவது சொன்னால் திருத்திக்கொள்வார்கள். டிசைன் ஹெட் என்று விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டவர் குழம்பக் கூடாது, அப்படியே குழம்பினாலும் சிரிக்கக் கூடாது. பக்கத்து மேஜைகளில் இரண்டு பேர் அவரோடு சேர்ந்து சிரித்தார்கள். அவர்களுக்கும் தெரியாது.

"டெஸ்ட் ஜிக்ல ஏதோ லூஸ் காண்டாக்ட். கெயின் டெஸ்ட் வேணாம், டைம் வேஸ்ட். சோர்ஸ் வோல்டேஜ் ஒன்றரைக்கும் 2.1-க்கும் நடுவுல இருந்தா பாஸ் போடு."

"மெயில்ல போட்டுடுங்க சார்."

போட்டார். இரண்டு வரி மெயில். நான் அதை வேறொரு ஃபோல்டருக்கு நகர்த்தி வைத்தேன்.

இங்கேதான் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதலாளியின் கண்ணாடி அறை என் பெஞ்சிலிருந்து பத்தடி. கதவு எப்போதும் திறந்தே இருக்கும். உள்ளே போய், "இந்த போர்டு வேலை செய்யாதுங்க" என்று சொன்னால், ஸ்கோப்பில் காட்டினால், அவருக்குக் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளும் புத்தி இருந்தது. நான் போகவில்லை. பயமில்லை. அந்த ஆள் விழுவதைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறாரோ அவ்வளவு நல்லது என்று இருந்தது. ஒவ்வொரு போர்டுக்கும் சோர்ஸை மட்டும் அளந்து, 1.97, 1.96, 1.98 என்று எழுதி, பச்சை ஸ்டிக்கர் ஒட்டினேன். ஒட்டும்போது ஒரு சந்தோஷம் இருந்தது. அதை மறைத்து எழுதினால் இதை எழுதுவதே வீண்.

மூன்று வாரத்தில் ஃபோன் வந்தது. டிரில் உடைந்திருக்கிறது, மிஷின் நிற்கவில்லை. உடைந்த டிரில்லோடு மிஷின் மேலும் கீழும் போய்வந்து கொண்டேயிருக்க, துளையே இல்லாத பாகங்கள் அசெம்பிளி வரைக்கும் போய்விட்டன. முதலாளி, டிசைன் ஹெட், மல்டிமீட்டரும் சால்டரிங் அயனும் தூக்கிக்கொண்டு நான், மூன்று பேரும் போனோம்.

அங்கே மெயின்டனன்ஸ் இன்சார்ஜ் திருநெல்வேலிக்காரர். ஐம்பது வயதிருக்கும், சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்திருந்தார். மிஷின் பக்கத்தில் இன்னொருவர் நின்றார். முப்பத்தைந்து வயது, காண்ட்ராக்ட் ஆப்பரேட்டர், குருபரப்பள்ளியிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். அன்று யூனிஃபார்மில் இல்லை. ஏனென்று உடனே தெரிந்தது. உடைந்த டிரில்லைக் கவனிக்காததற்காக ஐந்து நாளாக வெளியே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். விசாரணைக்காக வரவழைத்திருந்தார்கள்.

எங்கள் டிசைன் ஹெட் போர்டைத் தொடவே இல்லை. நேராக அந்த ஆளிடம் போனார்.

"உடையறப்ப சத்தம் வந்திருக்குமே. கேக்கலையா? ஃபோன் பாத்துட்டு இருந்தியா?"

"நாலு மிசின நான் ஒருத்தனே பாத்துக்கறனுங்க. கூலன்ட் சத்தத்துல ஒண்ணும் கேக்காது. நிக்கறதுக்குத்தான் சென்சார் வெச்சிருக்குதுன்னு சொன்னாங்கோ."

"சென்சார் இருந்தா கண்ணை மூடிக்கலாமா?" பிறகு இன்சார்ஜ் பக்கம் திரும்பி, "சார், வில்லை ஒட்டின பசை சரியில்ல. கூலன்ட் இறங்கியிருக்கும். போர்டு ஹண்ட்ரட் பர்சென்ட் டெஸ்டட். ரிப்போர்ட் இருக்கு" என்றார்.

ரிப்போர்ட்டை நீட்டினார். என் கையெழுத்து. அந்த ஆப்பரேட்டர் அந்தத் தாளைப் பார்த்தார். பிறகு தன் செருப்பைப் பார்த்தார்.

அவ்வளவு நாள் நான் மனதுக்குள் ஓட்டிப் பார்த்த காட்சியில் இப்படி ஒரு ஆள் இல்லவே இல்லை.

"போர்டுதாங்க தப்பு" என்றேன்.

டிசைன் ஹெட், "நீ சும்மா இரும்மா" என்றார்.

இன்சார்ஜ், "அவங்க பேசட்டும்" என்றார்.

மூடியைக் கழற்றி மீட்டரை வைத்தேன். சோர்ஸ் 1.97. டிசைன் ஹெட் உடனே, "பாருங்க சார், கரண்ட் பெர்ஃபெக்ட்" என்றார். டிரெயினுக்கும் சோர்ஸுக்கும் குறுக்கே வைத்தேன். 0.76. "இது ஒண்ணுக்கு மேல இருக்கணுங்க" என்று சொல்லி, ஒரு அட்டைப்பெட்டியைக் கிழித்து அதன்மேல் அந்த இருபடிச் சமன்பாட்டை எழுத ஆரம்பித்தேன். டிசைன் ஹெட் என்னிடமிருந்த மீட்டரை வாங்கி கேட்டில் வைத்தார். 3.75 காட்டியது. வெற்றிக் களிப்போடு நிமிர்ந்தார்.

"கேட்ல நாலு வரல! டிவைடர் ரெசிஸ்டர் தப்பு! அசெம்பிளி மிஸ்டேக்!"

"அது மீட்டர் இழுக்கறதுங்க சார். டிவைடர் மெகா ஓம்ல இருக்குது. மீட்டருக்குள்ளயே பத்து மெகா ஓம் இருக்குது. வெச்சீங்கன்னா கால் வோல்ட் கொறயும். எடுத்தீங்கன்னா நாலுதான்."

இன்சார்ஜ் ஒரு நிமிடம் என் அட்டையையும் ரெசிஸ்டர்களையும் பார்த்தார். ஐடிஐ படித்தவராம், பிறகு சொன்னார். "ஆமாம்லா. ரெண்டு மெகாவும் ஒரு மெகாவும் சேந்தா அறுநூத்தி அறுபத்தேழு கிலோ. அதுல பத்து மெகாவ வச்சா கொறையத்தான் செய்யும்" என்றார். டிசைன் ஹெட் மீட்டரை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். தனக்குப் புரியாதது மற்ற எல்லோருக்கும் புரிந்துவிட்டது என்று தெரிந்த முகம் எப்படி இருக்கும் என்று அன்று பார்த்தேன். நான் நினைத்த அளவுக்கு ருசியாக இல்லை.

4.7-ஐ எடுத்துவிட்டு 3.3 கிலோ ஓம் போட்டேன். சோர்ஸ் இரண்டு, டிரெயின் 5.4. இடைவெளி 3.4. த்ரெஷோல்ட் இன்னும் 0.3 குறைந்த மாஸ்ஃபெட் வந்தாலும் இரண்டு வோல்ட்டுக்கு மேல் இடைவெளி நிற்கும் என்று அட்டையிலேயே போட்டுக் காட்டினேன். பெருக்கம் பதின்மூன்று. இன்சார்ஜ் ஒரு மூன்று மில்லிமீட்டர் டிரில்லின் பக்கத்தைக் கிரைண்டரில் அரைத்து மெலிதாக்கி மாட்டச் சொன்னார். ஒரு பழைய பாகத்தில் இறக்கினார்கள். டிரில் உடைந்தது. கூலன்ட் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மிஷின் நின்றது.

ஆப்பரேட்டர் முதல்முறையாகத் தலையைத் தூக்கினார். "நின்னுருச்சு" என்றார், யாரிடமும் இல்லாமல்.

முதலாளி என்னைத் தட்டிக்கொடுக்கப் பார்த்தார். அதற்குள் இன்சார்ஜ் என்னைக் கேட்டார்.

"இது ஒங்களுக்கு எப்பம்மா தெரியும்? இப்ப பாத்துக் கண்டுபுடிச்சதா?"

பொய் சொல்லியிருக்கலாம். எல்லோரும் நம்பியிருப்பார்கள்.

"போர்டு அனுப்பறதுக்கு முன்னாடியே தெரியுங்க. சொன்னேன், கேக்கல. மெயில் இருக்குது."

"யாருகிட்ட சொன்னிய?"

டிசைன் ஹெட்டைக் காட்டினேன். அவர் பக்கத்தில் நின்ற முதலாளியை இன்சார்ஜ் பார்த்தார்.

"மொதலாளிகிட்ட?"

மீட்டரின் ஒயர்களைச் சுற்ற ஆரம்பித்தேன்.

"அவருக்குத் தெரியாது, செஞ்சாரு. அது முட்டாத்தனம்" என்றார், டிசைன் ஹெட் அங்கேயே நிற்க. "ஒங்களுக்குத் தெரியும், கையெழுத்துப் போட்டு அனுப்பிச்சிருக்கீங்க. அதுக்கு என்ன பேருன்னு நீங்களே வச்சுக்கிடுங்க."

திரும்பி வரும்போது காரில் முதலாளி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "என் ரூம் கதவு தொறந்துதானேம்மா இருந்துச்சு?" "ஆமாங்க" என்றேன். சிப்காட் நெருங்கும்போது டிசைன் ஹெட், "வெண்டார் ரீல் மாத்திட்டான் சார், அதான் மெயின் இஷ்யூ" என்று ஆரம்பித்துப் பார்த்தார். முதலாளி ஜன்னலை இறக்கிவிட்டார். லாரிச் சத்தம் உள்ளே வந்தது.

போர்டுகளையெல்லாம் திரும்ப வாங்கி நானும் இரண்டு பெண்களும் ரெசிஸ்டர் மாற்றினோம். கெயின் டெஸ்ட்டை முதலாளியே திரும்பப் போடச் சொன்னார். டிரெயினுக்கும் சோர்ஸுக்கும் இடையே அளக்கும் ஒரு வரியை நான் சேர்த்தேன். அடுத்த வருடம் என்னை டிசைனுக்கு மாற்றினார்கள். அதற்காக நான் பெருமைப்பட ஒன்றுமில்லை, அந்த வேலையை வேறு யாரும் செய்யவில்லை என்பதுதான் காரணம்.

டிசைன் ஹெட் விழவில்லை. இப்படிப்பட்டவர்கள் விழுவதில்லை என்பதை நான் அப்போது அறிந்திருக்கவில்லை. டெக்னிக்கல் டைரக்டர் ஆனார். போன மாதம் இங்கே ஒரு இன்ஜினியரிங் காலேஜில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள், என்னையும் அழைத்துக்கொண்டு போனார். திரையில் ஒரு ஸ்லைடு. நான் அட்டைப்பெட்டியில் எழுதியதன் ஃபோட்டோ, என் கையெழுத்திலேயே. "த்ரெஷோல்ட் வேரியேஷனை எங்க டீம் எப்படி கண்டுபிடிச்சோம்" என்று இருபது நிமிடம் பேசினார். சாச்சுரேஷனை இப்போது சரியாகத்தான் சொல்கிறார். கற்றுக்கொண்டிருக்கிறார். யாரிடமிருந்து என்பது மட்டும் மறந்துவிட்டது. பின்வரிசையில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றேன். அவர்மேல் எனக்கிருந்த இகழ்ச்சி ஒரு துளியும் குறையவில்லை. ஆனால் முன்போல அதில் நிம்மதியாக உட்கார முடியவில்லை.

அந்த ஆப்பரேட்டரைப் பற்றி இன்சார்ஜிடம் ஃபோனில் ஒரு தடவை கேட்டேன். ஐந்து நாளுக்கும் சம்பளம் போட்டுத் திரும்ப எடுத்துக்கொண்டார்களாம். ஆனால் மிஷினில் விடவில்லை, பேக்கிங்கில் போட்டிருந்தார்களாம். இரண்டு மாதத்தில் காண்ட்ராக்ட் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. "இப்ப எங்க இருக்கான்னு தெரியல" என்றார். கிருஷ்ணகிரி போகும்போதெல்லாம் பஸ் குருபரப்பள்ளியில் நிற்கிறது. இறங்கி விசாரித்தால் இரண்டு டீக்கடைக்குள் ஆள் கிடைத்துவிடுவார், அவ்வளவுதான் ஊர். இதுவரை நான் இறங்கவில்லை.